பாழுங்கிணறுகளை விட்டுவிட்டுப் போட்ட வரைபடம்

சராசரி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வகுப்பின் சராசரி மதிப்பெண், மாவட்டத்தின் சராசரி மழை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவேன். கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது, ஒரு சராசரி ஒரு முழு ஓடையை விழுங்கி ஏப்பம் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கப் போய் நானும் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள் இருந்தன. தோல் ஷாப்பு என்போம். தோலில் போட்ட உப்பு கழிவுநீரோடு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. இது ரகசியம் இல்லை. ஓடைக்கரைக் கிணற்றில் முகம் கழுவினால் துடைத்த பிறகும் தோல் இழுக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆனால் ஓடையை விட்டு இரண்டு வயல் தள்ளிப் போனால் தண்ணீர் நன்றாகவே இருக்கும். கெட்டது எல்லாம் ஓடையை ஒட்டி ஒரு பட்டையாகக் கிடந்தது. ஓடை எப்படி வளைகிறதோ அப்படியே அந்தப் பட்டையும் வளைந்தது, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி.

தண்ணீர் கெட்ட பகுதிகளுக்குக் குடிநீர்க் குழாய் போட ஒரு திட்டம் வந்தது. பகுதி என்பதுதான் அதில் முக்கியமான சொல். தனித்தனிக் கிணற்றுக்கோ வீட்டுக்கோ கிடையாது. எது எது பாதிக்கப்பட்ட பகுதி என்று வகுத்துக் கொடுக்கும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள், சும்மா கொடுப்பார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

கணக்கெடுப்பை நான்தான் நடத்தினேன். சனிக்கிழமை தோறும் மாணவர்கள் இரண்டு பேர் இரண்டு பேராக டிவிஎஸ் வண்டியில் கிளம்புவார்கள். இடத்தைக் குறிக்க இரவல் வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஒன்று, உப்பை அளக்கப் பேனா அளவில் ஒரு மீட்டர், ஒரு வாளி, கயிறு. என்ன கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று படிவம் அடித்துக் கொடுத்ததும் நான்தான். ஓடையின் கடைசிப் பக்கம் ஒன்பது வீடு உள்ள ஒரு குடியிருப்பு. அங்கே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த ஒரு அக்கா, எங்கள் பிள்ளைகளுக்கு வழி காட்டியதோடு கயிற்றையும் பிடித்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவருடைய செடிகளின் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோயிருந்தது.

"செடி கெடக்கட்டும் டீச்சர், அது அப்புறம். சோறு பொங்கத் தண்ணி இல்ல. காலையில சைக்கிள்ல ரெண்டு கொடம் கட்டிட்டு ரெண்டு வயலு தள்ளி இருக்க மோட்டார் ரூமுக்குப் போறேன். அந்த மோட்டார்க்காரன் மூஞ்சிய நாள் பூரா பாக்கணும். இந்தத் தண்ணில கொழம்பு, வெஞ்சனம் வச்சா நாயி கூட மோந்துட்டுப் போயிரும்."

"இந்தத் திட்டத்துல குழாய் வந்துரும்க்கா" என்றேன். யார் என்னைச் சொல்லச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே.

விவரங்கள் சேர்ந்ததும் எங்கள் துறைத்தலைவர் கணக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவரிடம் கே-மீன்ஸ் என்ற முறைக்கு ஒரு புரோகிராம் தயாராக இருந்தது. கோலப்புள்ளி வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கூட அது புரியும். எத்தனை கூட்டம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறு என்றால், அது ஆறு மையப் புள்ளிகளை எங்கேயோ வைக்கும். ஒவ்வொரு கிணறும் தனக்கு மிக அருகில் உள்ள மையத்தோடு சேரும். பிறகு ஒவ்வொரு மையமும் தன்னிடம் சேர்ந்த கிணறுகளின் நட்டநடுவுக்கு நகரும். நகர்ந்ததால் சில கிணறுகளுக்கு வேறு மையம் அருகில் வந்திருக்கும்; அவை கூட்டம் மாறும். மறுபடி மையம் நகரும். எதுவும் மாறாத நிலை வந்ததும் நின்றுவிடும்.

உருண்டையாக, ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிக் கிடக்கும் கூட்டங்களுக்கு இது அருமையான முறை. இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் இரண்டு மையங்களுக்கு நடுவே அது போடும் எல்லை எப்போதும் ஒரு நேர்க்கோடுதான். அதற்கு வளைவு தெரியாது. அரிவாள் மாதிரிக் கிடக்கும் ஒன்றைக் கொடுத்தால் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்த்துக் கட்டிவிடும்.

அதுவே நடந்தது. நல்ல கிணறு, கெட்ட கிணறு எல்லாவற்றையும் அவை இருக்கும் இடத்தை வைத்து ஆறு கூட்டமாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் உப்பின் சராசரி எடுத்தார். தோல் ஷாப்புகளை ஒட்டிய கூட்டத்தில் மட்டும் சராசரி வரம்பைத் தாண்டியது. மற்ற ஐந்திலும் ஓடைக்கரைக் கிணறுகள் நாலைந்தும், இரண்டு வயல் தள்ளி இருந்த நல்ல கிணறுகள் பத்துப் பதினைந்தும் ஒரே சாக்கில் விழுந்திருந்தன. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் காகிதத்தில் கலந்து, குடிக்கத் தக்க தண்ணீர் ஆகிவிட்டது. அக்காவின் குடியிருப்பு பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் பாதிப்பு இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனேன்.

"சார், ஏன் ஆறு?"

"குழாய் போடுற ஆபீஸ்ல ஆறு செக்‌ஷன் இருக்கும்மா. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்தா அவங்களுக்கு வசதி."

நிலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர், மேலே எத்தனை மேசை போட்டிருக்கிறது என்று பார்த்து ஓட வேண்டுமாம்.

"சார், இந்தப் பச்சையில இருக்கிற கிணத்துத் தண்ணிய ஒரு மடக்கு குடிக்க முடியாது."

"ஒவ்வொரு கிணத்துக்கும் நாம அழ முடியாதும்மா. சராசரின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வேணும்னா எண்ணிக்கையக் கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்த்தேன். எட்டு போட்டேன், பன்னிரண்டு போட்டேன். அரிவாள் இன்னும் சின்னத் துண்டுகளானதுதான் மிச்சம். ஒவ்வொரு துண்டோடும் நல்ல கிணறுகள் ஒட்டிக்கொண்டே வந்தன. தொடக்க மையங்களை வேறு இடத்தில் வைத்தால் எல்லைகளும் வேறு மாதிரி விழுந்தன. நேற்று பச்சையில் இருந்த வீடு இன்றைக்குப் பாதிப்பு என்று மஞ்சளில் இருந்தது. ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதை இப்படியா முடிவு செய்வது?

அலுவலகத்துக்கே போனேன். திட்டத்தைக் கவனித்துக்கொண்ட பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், டீயும் வந்தது. கெட்ட கிணறுகளின் பட்டியலை அப்படியே தருகிறேன், அதை வைத்துக் குழாய் போடுங்கள் என்றேன்.

"தனித்தனிக் கிணத்துக்கெல்லாம் ஸ்கீம் கிடையாது மேடம். ஏரியா சொல்லுங்க, செஞ்சுருவோம். அறிக்கை போறதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. உங்க சார் கையெழுத்துப் போட்டு எது வந்தாலும் எனக்கு ஓகே."

சரி, ஏரியாதானே வேண்டும் என்று கிளம்பினேன்.

முதல் வேலையாக நல்ல கிணறுகளைத் தூக்கி ஒதுக்கினேன். வரம்பைத் தாண்டிய கிணறுகள் மட்டும் போதும். அவை எப்படிக் கூடிக் கிடக்கின்றன என்பதே கேள்வி. சராசரியின் வாயை அப்படி அடைத்தேன். அடுத்தது எந்த முறை என்பது.

படிநிலைக் கூட்டல் என்று ஒன்று உண்டு. அதற்கு முதலிலேயே எண்ணிக்கை சொல்ல வேண்டாம். ஒவ்வொரு கிணறும் தனியாகத் தொடங்கும். மிக அருகில் உள்ள இரண்டு சேரும். பிறகு அடுத்த நெருக்கமான இரண்டு. இப்படிச் சேர்ந்து சேர்ந்து கடைசியில் எல்லாம் ஒன்றாகிவிடும்; வம்சாவளி மரம் வரைகிற மாதிரி ஒரு மரம் கிடைக்கும். அதை எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அதற்குத் தக்க கூட்டங்கள். ஆனால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள தூரம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டிலும் ஆகத் தொலைவில் இருக்கும் கிணறுகளை வைத்துத் தூரம் எடுத்துப் பார்த்தேன். அது நீளமான எதையும் விரும்பவில்லை. கச்சிதமான உருண்டைகளாகவே சேர்த்தது, ஓடையை மறுபடியும் நறுக்கியது. ஆக அருகில் இருக்கும் கிணறுகளை வைத்து எடுத்தேன். அப்போது கிணறு கிணறாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஓடை முழுக்க ஒரே கூட்டமாக வந்தது. அக்காவின் கிணறும் அதில் இருந்தது. லேபில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

தட்டிய கை கீழே இறங்குவதற்குள் அடுத்ததைப் பார்த்தேன். ஓடையிலிருந்து மேற்கே ஒரு ரோட்டோரமாக மூன்று கெட்ட கிணறுகள் இடைவெளி விட்டு இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டம் ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இயற்கையிலேயே உவர் நிலமாக இருந்த ஒரு கிராமம் வரைக்கும் போய் அதையும் தன்னோடு சேர்த்திருந்தது. அந்தக் கிராமத்துக்கும் ஓடைக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. இந்த முறையின் குணமே அது. நடுவில் இரண்டு மூன்று பேர் நின்றால் போதும், தூரத்துக் கூட்டங்கள் இரண்டும் ஒன்றாகிவிடும். இதைக் கொண்டுபோய் நீட்டினால் பொறியாளர் அறையில் சிரிப்பார்கள் என்று தோன்றியது. சிரித்தால் தலைவரின் முதல் அறிக்கையையே மேலே அனுப்பிவிடுவார்கள்.

அப்போது டிபிஸ்கேன் என்ற முறை வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சென்னையில் இருந்த தோழி ஒருத்தி கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பினாள். அதைப் படித்து, மதியச் சாப்பாட்டு நேரங்களில் நானே புரோகிராம் எழுதினேன். அது மையத்தையே தேடுவதில்லை. ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை கிணறு இருக்கிறது என்று எண்ணும். குறைந்தபட்சம் இத்தனை என்று நாம் சொன்ன எண்ணிக்கை இருந்தால் அது கரு. கருவின் வட்டத்துக்குள் இன்னொரு கரு இருந்தால் இரண்டும் ஒரே கூட்டம். அதன் வட்டத்துக்குள் வேறொன்று, அதன் வட்டத்துக்குள் மற்றொன்று என்று, நெருக்கம் இருக்கும் வரை எந்த வளைவிலும் திரும்பிப் போகும். தானே கருவாக இல்லாவிட்டாலும் ஒரு கருவின் வட்டத்துக்குள் இருக்கும் கிணறு, கூட்டத்தின் விளிம்பாகச் சேர்ந்துகொள்ளும். எதிலும் சேராதது தனித்த புள்ளி. அதற்கு என் புரோகிராம் மைனஸ் ஒன்று என்று எண் கொடுத்தது.

எண்ணிக்கை நான்கு என்று வைத்தேன், அந்தக் கிணற்றையும் சேர்த்து. வட்டத்தின் அளவுக்கு, ஒவ்வொரு கிணற்றுக்கும் மூன்றாவது அண்டைக் கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எடுத்து ஏறுவரிசையில் கோடு போட்டேன். நானூறு மீட்டர் வரை மெதுவாக ஏறி, அங்கே சட்டென்று எகிறியது. ஆகவே நானூறு மீட்டர். ஓட்டிப் பார்த்தேன். ஓடை ஒரே கூட்டமாக, வளைந்து நெளிந்து, அப்படியே வந்தது. ரோட்டோரத்து மூன்று கிணறுகளின் வட்டத்துக்குள் நான்கு இல்லை. ஆகவே பாலம் அறுந்தது. உவர் கிராமம் தனிக் கூட்டமாக ஒதுங்கியது. ஆங்காங்கே சில மைனஸ் ஒன்றுகள். அவை எவை என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஓடை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அந்தத் தாளைத் தலைவர் மேசையில் போட்டேன்.

அவர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். அறிக்கையை நானே எழுதினேன். தனித்த புள்ளிகளுக்கு ஒரு வரி வேண்டுமே என்று எழுதினேன்: 'மைனஸ் ஒன்று எனக் குறிக்கப்பட்ட கிணறுகள் தனித்த புள்ளிகள், இவை எந்தப் பாதிப்புப் பகுதியையும் சேர்ந்தவை அல்ல.' வாக்கியம் கச்சிதமாக வந்திருக்கிறது என்று இரண்டு முறை படித்துக்கொண்டதாகக் கூட ஞாபகம்.

குழாய் போடும் இடங்களின் பட்டியல் வெளியானது. ஓடைக்கரைக் குடியிருப்புகள் வரிசையாக இருந்தன. நான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு அந்த அக்கா நேரே கல்லூரிக்கு வந்தார். மரத்தடியில் நின்றபடியே கேட்டார்.

"எங்களுக்கு மேற்கால இருக்கவங்களுக்கு வருது. அங்குட்டோட நின்னு போச்சு. ஏன் டீச்சர்?"

"இருக்காதுக்கா. ஓடை பூரா எடுத்தாச்சே."

"பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டிருக்கான். நான் வாசிச்சுட்டுத்தான் வாரேன்."

லேபுக்குக் கூட்டிப் போய்த் திரையில் போட்டுப் பார்த்தேன். ஓடையின் கடைசியில் மூன்று மைனஸ் ஒன்றுகள். நடுவில் இருந்தது அவர் கிணறு. அந்தப் பக்கத்தில் கிணறுகள் மூன்றுதான் இருந்தன. அவற்றின் வட்டத்துக்குள் நான்கு சேரவில்லை. ரோட்டோரத்துப் பாலத்தை எந்த விதி அறுத்ததோ, அதே விதி ஓடையின் வாலையும் அறுத்திருந்தது. நான் சிரிப்பார்கள் என்று பயந்து ஒதுக்கினேனே, அந்தப் பழைய முறையில் இவர் உள்ளே இருந்தார்.

"உங்க பக்கத்துல கிணறு கம்மிக்கா" என்றேன். திரையில் வட்டத்தைப் போட்டுக் காட்டினேன்.

"கம்மியா? எங்க தோட்டத்துப் பக்கம் மட்டும் பத்துக் கெணறு இருக்கு. அன்னைக்கே அந்தப் பக்கமும் இருக்குன்னு கையக் காட்டுனேன். உங்க பிள்ளைகதான், அது ஓடாத கெணறு, எங்களுக்கு வேணாம்னு திரும்பிருச்சுக."

பிள்ளைகள் மேல் என்ன தப்பு? படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கேள்வி: 'கிணறு பயன்பாட்டில் உள்ளதா? இல்லை எனில் அடுத்த கிணற்றுக்குச் செல்லவும்.' நான் அடித்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும், பிள்ளைகளுக்கு வீண் அலைச்சல் கூடாது என்று அடித்தது. அந்தக் கிணறுகள் ஏன் ஓடவில்லை? தண்ணீர் விஷமாகிவிட்டது என்று மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். எங்கே மிக மோசமோ அங்கே கிணறுகளைக் கைவிட்டிருந்தார்கள். கைவிட்டதால் நான் எண்ணவில்லை. எண்ணாததால் அங்கே நெருக்கம் இல்லை. நெருக்கம் இல்லாததால் அங்கே பாதிப்பு இல்லை. தலைவரின் சராசரியைப் பார்த்துக் குதித்தவள் செய்த வேலை இது. அவராவது தெரியாமல் செய்தார். நான் கிணற்றங்கரையில் நின்றுகொண்டே செய்தேன். அன்று என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் அதற்குமுன் யார் மேலும் வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் யாரையும் கூப்பிடாமல் நானே போனேன். அக்கா முன்னால் நடந்தார். முள் மண்டிய கிணறுகள். ஒன்றில் பாதி வரை குப்பை. இரண்டு அறவே வற்றியவை, அவற்றை விட்டுவிட்டேன். மீதி ஐந்திலும் தண்ணீர் இருந்தது. வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதோ என்று பாட்டில் தண்ணீரில் நனைத்துச் சரிபார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. அதுவரை நாங்கள் அளந்ததில் தோல் ஷாப்புக்குப் பக்கத்தில் கூட அப்படி ஒரு எண் இல்லை.

"ஒவ்வொரு கெணறும் ஒவ்வொரு வருசம் போச்சு டீச்சர். இது எங்க சித்தப்பா கெணறு. இதுலதான் நீச்சல் பழகுனோம்" என்றார் அக்கா. குரலில் அழுகை எதுவும் இல்லை. கணக்கு ஒப்பிப்பது போல் சொன்னார்.

ஐந்தையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அதே நான்கு, அதே நானூறு மீட்டர். வால் முழுவதும் ஓடையோடு ஒட்டிக்கொண்டது. ரோட்டோரத்துப் பாலம் அறுந்தபடியே இருந்தது. முறையில் கோளாறு இல்லை. நாம் காட்டாததை அது எப்படிப் பார்க்கும்?

புது வரைபடத்தோடு தலைவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரே ஆய்வுக்கு ரெண்டு மேப்பா? காலேஜ் பேர் என்னம்மா ஆகுறது? நீ சொன்னேன்னு தானே அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்?"

"தப்பு என்னுது சார். என் பேர்லயே போடுங்க."

"போட முடியாது. விட்டுரு."

பொறியாளர் இந்தத் தடவையும் டீ வாங்கிக் கொடுத்தார். அறிக்கை மேலே போய்விட்டது, அடுத்த ஸ்கீமில் பார்க்கலாம் என்றார். அடுத்த ஸ்கீம் எப்போது வரும் என்றேன். வரும் மேடம் என்றார். அவருடைய மேசையில் நல்ல தண்ணீர் கேன் ஒன்று இருந்தது. அதைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். காலையில் வரிசையில் நின்றோம், அக்காவும் நானும். மனு அவர் பேரில். பின்னால் இணைத்த வரைபடமும் விளக்கமும் என் கையெழுத்தில்: பயன்படாத கிணறுகளைக் கணக்கெடுப்பில் விட்டது என் தவறு, அதனால் இந்தக் குடியிருப்பு விடுபட்டது, திருத்திய வரைபடம் இது. கல்லூரிக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்று வீட்டில் அம்மா புலம்பினார். போகட்டும் என்றேன். மனுவில் ஒரு முத்திரை குத்தி, நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அக்கா மறுபடி வந்தார். கையில் பழுப்பு உறை. பிரித்திருந்தார்.

"வாசிச்சுட்டேன். எழுத்துத்தான் தெரியுது, அர்த்தம் புரியல. நீங்க வாசிங்க."

ஆசிரியர் அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். அங்கேயே வாசித்தேன். மனுதாரரின் குடியிருப்பில் உள்ள கிணறுகள் தனித்த புள்ளிகள் என்றும், இவை எந்தப் பாதிப்புப் பகுதியையும் சேர்ந்தவை அல்ல என்றும் கல்லூரியின் ஆய்வறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. பயன்பாட்டில் இல்லாத கிணறுகளைக் கணக்கில் கொள்ள வழிவகை இல்லை. எனவே கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.

என் வாக்கியம். ஒரு எழுத்துக் கூட மாற்றவில்லை.

"தனித்த புள்ளின்னா?" என்றார் அக்கா.

"உங்க கிணறுதான்க்கா."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு அவருக்கு என்ன தலையெழுத்து? முகம் சிவந்து, கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"கெணறு ஓடுனாத்தான் கணக்கு, செத்துப்போனாக் கணக்கில்லையா? என்ன படிப்பு படிச்சீங்க நீங்கெல்லாம்? வட்டம் போட்டீங்கல்ல, அதுல எங்க வீடுகள எண்ணுங்க. கெணத்தையே எதுக்கு எண்ணுறீங்க? தண்ணி குடிக்கிறது கெணறா, நாங்களா?"

என் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னார். எழுதினேன். வரைபடம் வைக்கவில்லை, முறையின் பெயர் எழுதவில்லை. ஒன்பது வீடு, முப்பத்தேழு பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. அடுத்த திங்கட்கிழமை கொடுத்தோம். அதற்கு அடுத்ததும் கொடுத்தோம். பிறகு எத்தனை திங்கட்கிழமை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குழாய் வர இரண்டு கோடை ஆனது. மனு கொடுப்பது நின்ற பிறகு அக்காவை நான் பார்த்திருக்கவில்லை. தண்ணீர் திறக்கிற அன்று பஸ் பிடித்துப் போனேன். அந்தப் பொறியாளரே வந்திருந்தார். கடைசியில் வந்துருச்சு பாத்தீங்களா மேடம் என்று கை கூப்பினார். நான் பதில் சொல்லாமல் குடியிருப்புக்குள் நடந்தேன். குழாயடியில் ஏழு வீட்டுக் குடங்கள் வரிசையாக இருந்தன. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னொன்று அந்த அக்காவின் வீடு. போன மாசி மாசமே போயிட்டாக என்றார்கள், எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.